அப்ரிடிக்கு எத்தனை வயது?

1996 அக்டோபர் 4. நைரோபி ஜிம்கானா மைதானம். உலகக் கோப்பையை வென்று ஏழு மாதங்களே ஆன இலங்கை அணிக்கு எதிராகப் பாகிஸ்தான் பேட் செய்கிறது. மூன்றாவதாக இறங்கியவர் ஒரு புதுப் பையன். காயம்பட்ட முஷ்டாக் அகமதுக்குப் பதிலாகச் சுழற்பந்து வீசுவதற்கென்று வரவழைக்கப்பட்டவர். இரண்டு நாள் முன்பு கென்யாவுக்கு எதிராக அறிமுகமாகியிருந்தாலும் பேட் பிடிக்கும் வாய்ப்பு கிடைக்கவில்லை. அன்று அவர் கையிலிருந்த மட்டை சச்சின் டெண்டுல்கர் கொடுத்தது. வக்கார் யூனிஸ் வழியாக அவரிடம் வந்திருந்தது. 37 பந்துகளில் சதம். 11 சிக்ஸர்கள். ஆறு மாதங்களுக்கு முன்பு ஜெயசூர்யா 48 பந்துகளில் அடித்த சதமே அதுவரை உலகச் சாதனை.

மறுநாள் உலகம் முழுக்க அச்சான செய்தியில் இரண்டு எண்கள் இருந்தன. ஒன்று 37. இன்னொன்று 16. ஷாகித் அப்ரிடியின் வயது 16 ஆண்டுகள் 217 நாட்கள் என்றும், ஒருநாள் போட்டியில் சதமடித்தவர்களில் இவரே மிக இளையவர் என்றும் பதிவானது. முதல் எண்ணை மைதானத்தில் ஸ்கோரர் ஒவ்வொரு பந்தாக எண்ணிக் குறித்திருந்தார். இரண்டாவது எண் ஒரு படிவத்திலிருந்து வந்தது. அந்தப் படிவத்தில் இருந்த பிறந்த தேதி 1980 மார்ச் 1.

இருபது ஆண்டுகளுக்கு மேல் அந்தத் தேதிதான் நின்றது. மீசை அரும்பும் வயதில் இவ்வளவு தோள் வலிமையா என்று ரசிகர்கள் கிண்டலாகக் கேட்டதுண்டு. ஆனால் உருவத்தைப் பார்த்து வயதைச் சொல்வது ஊகம், அது சான்றாகாது. விஷயம் உண்மையிலேயே திறந்தது 2019இல், அதுவும் அப்ரிடியே திறந்தார். வஜாஹத் கானுடன் சேர்ந்து எழுதிய 'கேம் சேஞ்சர்' என்ற தன்வரலாற்றில், நைரோபியில் தனக்கு 16 அல்ல 19 என்றார். தான் பிறந்தது 1975இல் என்றும், அதிகாரிகள் தன் வயதைத் தவறாகப் பதிந்துவிட்டார்கள் என்றும் எழுதினார். பிறகு 2021 மார்ச் 1 அன்று, பிறந்தநாள் வாழ்த்துச் சொன்னவர்களுக்கு ட்விட்டரில் நன்றி சொல்லும்போது, இன்று தனக்கு 44 என்று குறிப்பிட்டார்.

மீண்டும் ஒரே சலசலப்பு. 1980 என்றால் அன்று அவருக்கு 41. 1975 என்றால் 46. அவரோ 44 என்கிறார். மனிதர் தன் வயதையே மறந்துவிட்டார் என்று பலர் சிரித்துவிட்டு நகர்ந்தார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. ஒருவர் தன் வயதைப் பற்றி வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு எண்களைச் சொல்லும்போது, அந்த எண்களை அருகருகே வைத்துக் கணக்குப் போட்டால் பெரும்பாலும் ஏதோ ஓர் ஒழுங்கு தெரியவரும். அப்ரிடி விஷயத்தில் அது துலக்கமாகவே தெரிகிறது. பொறுமையாகக் கணக்குப் போட வேண்டும், அவ்வளவுதான்.

முதல் வேலை, சொன்ன வயதை வயதாகவே வைத்துக்கொள்ளாமல் பிறந்த தேதியாக மாற்றுவது. வயது ஆண்டுக்கு ஒன்று நகர்ந்துகொண்டே இருக்கும். பிறந்த தேதி நகராது. 1996இல் சொன்ன 16ஐயும் 2021இல் சொன்ன 44ஐயும் நேருக்கு நேர் ஒப்பிட முடியாது. இரண்டையும் பிறந்த தேதியாக மாற்றிவிட்டால் ஒப்பிடலாம். இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. 'எனக்கு 19' என்று ஒருவர் சொன்னால் அதிலிருந்து ஒரே ஒரு தேதி கிடைக்காது. ஓராண்டு அகலமுள்ள ஓர் இடைவெளிதான் கிடைக்கும். 1996 அக்டோபர் 4 அன்று ஒருவருக்கு 19 வயது நிறைந்து 20 நிறையவில்லை என்றால், அவர் 1976 அக்டோபர் 5க்கும் 1977 அக்டோபர் 4க்கும் இடையில் என்றோ ஒருநாள் பிறந்திருக்க வேண்டும். அந்த இடைவெளிக்குள் எந்த நாள் என்பதை அந்த ஒரு வாக்கியம் சொல்லாது.

இப்போது அப்ரிடியின் கூற்றுகளை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்போம்.

படிவத்தில் இருப்பது 1980 மார்ச் 1. இதை மாற்ற வேண்டியதில்லை.

நைரோபியில் தனக்கு 19 என்று நூலில் சொல்வது, மேலே பார்த்தபடி, 1976 அக்டோபர் முதல் 1977 அக்டோபர் வரையிலான இடைவெளி.

அதே நூலில் 1975இல் பிறந்தேன் என்பது, 1975 ஜனவரி 1 முதல் டிசம்பர் 31 வரை. மார்ச் 1 என்ற நாளை அப்படியே வைத்துக்கொண்டால் நைரோபியில் அவருக்கு 21 ஆகியிருக்கும். டிசம்பரில் பிறந்திருந்தாலும் 20. எப்படிப் பார்த்தாலும் 19 வராது. அதாவது நூல் ஒரே இடத்தில் தன்னோடு தானே முரண்படுகிறது.

பிறந்தநாளன்றே 44 என்று 2021இல் சொன்னது இருப்பதிலேயே துல்லியமான கூற்று. நாளும் தெரியும், நிறைந்த வயதும் தெரியும். எனவே இடைவெளியாக இல்லாமல் நேரடியாகத் தேதியே கிடைக்கிறது: 1977 மார்ச் 1.

அந்தத் தேதியை எடுத்துக்கொண்டு நைரோபிக்குத் திரும்பிப் போங்கள். 1977 மார்ச் 1 அன்று பிறந்தவருக்கு 1996 அக்டோபர் 4 அன்று வயது 19 ஆண்டுகள் 217 நாட்கள். நூலில் சொன்ன அதே 19. நூலில் எழுதியதும் ட்விட்டரில் எழுதியதும் வேறு வேறு சந்தர்ப்பங்கள். ஒன்று கடந்த காலத்தில் நடந்த ஒரு சம்பவத்தின்போது தன் வயது; மற்றொன்று இன்றைய வயது. அப்படியிருந்தும் இரண்டும் ஒரே தேதியில் வந்து சேர்கின்றன. எல்லோரும் கேலி செய்த 44, அவர் ஏற்கெனவே சொன்ன 19ஐ உறுதிசெய்கிறது. தனித்து நிற்பது 1975 மட்டுமே.

இந்த மூன்றில் எது பிழையாக இருக்க அதிக வாய்ப்பு? மனிதர்கள் தங்கள் வயதை நினைவில் வைத்திருக்கும் விதத்தை யோசித்தால் விடை தெரியும். இன்று எனக்கு என்ன வயது என்பதையும், வாழ்க்கையின் பெரிய நாளில் எனக்கு என்ன வயது என்பதையும் நாம் அனுபவமாக நினைவில் வைத்திருக்கிறோம். பிறந்த ஆண்டு அப்படியல்ல. அது ஒரு நான்கிலக்க எண். கழித்துப் பார்க்கும்போது தவறலாம், சொல்லக் கேட்டு எழுதும்போது தவறலாம், அச்சில் தவறலாம். இது துணையெழுத்தாளர் ஒருவருடன் சேர்ந்து எழுதிய நூல். சொன்னதற்கும் அச்சானதற்கும் நடுவே பல கைகள் இருந்திருக்கும். அதனால் வயதாகச் சொன்ன இரண்டையும் ஆண்டாகச் சொன்ன ஒன்றைவிட அதிகம் நம்புகிறேன். இது என் தீர்மானம். கணக்கு என்னை இதுவரைதான் கொண்டுவருகிறது.

இதற்கு ஓர் எதிர்வாதமும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. நூல் வெளியான 2019 மே மாதத்தில், 1975 மார்ச்சில் பிறந்தவருக்கு வயது 44. நூலைப் பற்றி எழுந்த சர்ச்சையில் அந்தக் கழித்தலைப் பலரும் போட்டுப் பார்த்திருப்பார்கள். அப்படி அப்போது காதில் விழுந்த 44 என்ற எண்தான் இரண்டாண்டு கழித்துப் பிறந்தநாளன்று அவர் எழுத்தில் வந்ததோ என்று ஒருவர் கேட்கலாம். கேட்பது நியாயம். ஆனால் அப்படியானால் பிறந்தநாளன்று ஒருவர் தன் வயதை இரண்டு ஆண்டு பின்தங்கிச் சொன்னார் என்று கொள்ள வேண்டும். அது நடக்காதது அல்ல. ஆனாலும் தற்செயலாக வந்த எண் பழைய கூற்றோடு இவ்வளவு சரியாகப் பொருந்துவது அரிது.

இந்த வேலையில் அதிகம் பேர் சறுக்கும் இடம் வேறு. அப்ரிடியைப் பற்றி 1996 முதல் 2018 வரை வந்த செய்திகளும் பேட்டிகளும் ஆயிரக்கணக்கில் இருக்கும். அவற்றில் பெரும்பாலானவை 1980ஐயே காட்டும். 'இத்தனை இடத்தில் 1980 இருக்கிறதே, இரண்டு இடத்தில்தானே வேறு மாதிரி இருக்கிறது' என்று ஒருவர் வாதாடினால் வலுவாகத்தான் தோன்றும். ஆனால் பேட்டி ஒன்றில் அடைப்புக்குறிக்குள் '29' என்று இருந்தால் அது யார் சொன்னது? பெரும்பாலும் பேட்டி கொடுத்தவர் சொன்னதல்ல. பத்திரிகை மேசையில் இருக்கும் துணையாசிரியர், அணியின் குறிப்பேட்டைப் பார்த்துக் கழித்துப் போட்டது. ஆயிரம் பத்திரிகைகள் ஆயிரம் முறை கழித்தாலும் அவை அனைத்துக்கும் மூலம் அந்த ஒரே படிவம். ஆயிரம் சாட்சிகள்போலத் தெரிந்தாலும் அங்கே இருப்பது ஒரே சாட்சிதான்.

ஆகவே பேட்டிகளைச் சேகரிக்கும்போது ஒவ்வொன்றிலும் வயது யாருடைய வாயிலிருந்து வந்தது என்று தனியாகக் குறிக்க வேண்டும். மேற்கோளுக்குள் அவரே சொன்னாரா, கட்டுரையாளர் அறிமுகப் பத்தியில் சேர்த்தாரா, படத்துக்குக் கீழே யாரோ போட்டதா? அத்துடன் பேட்டி எடுத்த நாளும் அச்சான நாளும் வேறு வேறாக இருக்கும். மாத இதழில் அந்த இடைவெளி சில மாதங்கள்கூட ஆகலாம். நடுவில் ஒரு பிறந்தநாள் வந்துபோனால் கணக்கு ஓராண்டு பிசகும். இரண்டு பேட்டிகளில் ஓராண்டு மட்டும் வேறுபாடு தெரிந்தால் அதைப் பொய் என்று முடிவுகட்டுவதற்கு முன்னால் இதைத்தான் பார்க்க வேண்டும்.

நம் பக்கத்துப் பேட்டிகளில் இன்னொன்றும் உண்டு. 'அறுபது நடக்குது' என்று ஒரு பெரியவர் சொன்னால் அவருக்கு 59 முடிந்து அறுபதாவது ஆண்டு ஓடுகிறது என்று பொருள். இன்னொரு பேட்டியில் அவரே முடிந்த வயதைச் சொல்லியிருப்பார். எழுதுபவர் இரண்டையும் வெறும் எண்ணாக்கிவிட்டால் வேறுபாடு வந்துவிடும். எனவே எப்படி எண்ணினார்கள் என்று தெரியாத கூற்றுகளுக்கு ஓராண்டு இடைவெளியை இரண்டாண்டாக விரித்துக்கொள்வது நல்லது. அப்ரிடியின் 1980, 1977 இரண்டுக்கும் நடுவே இருப்பது மூன்று ஆண்டு. இந்தச் சிறு பிசகுகளால் அதை விளக்க முடியாது.

மூன்று ஆண்டு என்ற அந்த இடைவெளியின் இயல்பைக் கவனிக்க வேண்டும். அது மாறவே இல்லை. 1996இல் படிவப்படி 16, அவர் சொல்படி 19. 2021இல் படிவப்படி 41, அவர் சொல்படி 44. கால் நூற்றாண்டு ஓடியும் வித்தியாசம் அதே மூன்றுதான். நாளும் மாதமும்கூட மாறவில்லை. மார்ச் 1 அப்படியே இருக்க, ஆண்டு மட்டும் நகர்ந்திருக்கிறது. இப்படி வித்தியாசம் நிலையாக இருந்தால், சொல்பவர் ஒவ்வொரு முறையும் புதிதாகக் கற்பனை செய்யவில்லை என்று புரிந்துகொள்ளலாம். அவரிடம் இரண்டு பிறந்த தேதிகள் இருக்கின்றன. ஒன்று தாளில், ஒன்று வீட்டில். இரண்டும் தத்தம் வழியில் சரியாக நகர்ந்துகொண்டிருக்கின்றன.

கற்பனையால் வயது மாறும்போது வித்தியாசம் நிலையாக நிற்காது. அதற்கு ஈக்வடார் நாட்டின் வில்கபாம்பா ஊர் நல்ல எடுத்துக்காட்டு. நூறு வயதைத் தாண்டியவர்கள் நிறைந்த ஊர் என்று 1970களில் உலகப் புகழ்பெற்ற மலைப் பள்ளத்தாக்கு அது. அங்கே மிகெல் கார்ப்பியோ என்ற முதியவரைப் பார்க்க வெளிநாட்டு மருத்துவர்களும் செய்தியாளர்களும் வந்தபடி இருந்தார்கள். ரிச்சர்ட் மேசஸ், சில்வியா ஃபார்மன் என்ற இரு ஆய்வாளர்கள் ஊர்த் தேவாலயத்தின் ஞானஸ்நானப் பதிவுகளையும் பழைய ஆவணங்களையும் தோண்டி, அவர் எந்த ஆண்டில் என்ன வயது சொன்னார் என்று வரிசைப்படுத்தி 1979இல் வெளியிட்டார்கள். 1944இல் உண்மை வயது 61 இருக்கும்போது அவர் சொன்னது 70. ஐந்தே ஆண்டில் அது 80 ஆனது. 1970இல் உண்மை வயது 87, சொன்னது 121. 1974இல் உண்மை வயது 91, சொன்னது 127.

வித்தியாசத்தைப் பாருங்கள். 9 ஆண்டு, பிறகு 14, பிறகு 34, கடைசியில் 36. 1944க்கும் 1970க்கும் நடுவே நாட்காட்டியில் ஓடியது 26 ஆண்டு. கார்ப்பியோவின் வயதில் ஓடியதோ 51. கேட்க வருபவர்கள் பெருகப் பெருக வயதும் பெருகியது. அந்த ஊரில் நூறைத் தாண்டியவர்களாகச் சொல்லப்பட்டவர்களில் ஒருவர்கூட உண்மையில் நூறை எட்டவில்லை என்று அந்த ஆய்வு காட்டியது. மூத்தவருக்கே 96தான். கார்ப்பியோவைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. முதுமைக்கு மரியாதை இருக்கும் ஊரில் ஒரு முதியவர் தன் வயதைக் கூட்டிச் சொன்னார். அதைச் சரிபார்க்காமல் உலகத்துக்கு எடுத்துச் சொன்னவர்கள்தான் பதில் சொல்ல வேண்டியவர்கள்.

இந்த இரண்டு மனிதர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், ஒருவரின் வயதுக் கூற்றுகளில் முதலில் பார்க்க வேண்டியது என்னவென்று தெரிகிறது. நாட்காட்டியில் எத்தனை ஆண்டு ஓடியதோ அத்தனை ஆண்டு அவர் வயதிலும் ஓடியதா? ஓடியிருந்தால், அடியில் எங்கோ ஒரு நிலையான தேதி இருக்கிறது. அதைத் தேடுவதில் பயன் உண்டு. அதைவிட வேகமாகவோ மெதுவாகவோ ஓடியிருந்தால், கூற்றுகளை எத்தனை சேர்த்தாலும் தேதி கிடைக்காது. பழைய ஆவணம்தான் ஒரே வழி. இப்படிப்பட்ட எண்களைக் கூட்டிச் சராசரி எடுப்பதில் பொருளே இல்லை. அப்ரிடியின் 1975, 1977, 1980 மூன்றுக்கும் சராசரி எடுத்தால் 1977ஐ ஒட்டித்தான் வரும், உண்மைதான். ஆனால் அது வெறும் தற்செயல். அந்த விடை சரியாக இருந்தாலும் அதற்குப் போன வழி தவறு.

சரி, 1980 எப்படி வந்தது? அப்ரிடி சொல்வது அதிகாரிகள் தவறாகப் பதிந்தார்கள் என்பது. அவர் பிறந்தது பாகிஸ்தானின் வடமேற்கு எல்லையில் கைபர் பழங்குடிப் பகுதி. பிறந்த உடனே பதிவு செய்யும் வழக்கம் பரவலாக இல்லாத இடங்களில், ஒரு குழந்தையின் பிறந்த தேதி முதலில் தாளில் ஏறுவது பள்ளியில் சேரும்போதுதான். இது நமக்கும் புதிதல்ல. தலைக்கு மேல் கையைச் சுற்றிக் காதைத் தொடச் சொல்லி, தொட்டால் ஐந்து வயது என்று தலைமையாசிரியரே தேதி எழுதிக்கொண்ட தலைமுறை இன்னும் நம்மோடு இருக்கிறது. அப்படி எழுதப்பட்ட தேதியோடுதான் எத்தனையோ பேர் ஓய்வுபெற்றிருக்கிறார்கள். விளையாட்டில் இதற்கு மேலும் ஒரு காரணம் சேர்கிறது. சிறுவர் அணிகளுக்கு வயது வரம்பு உண்டு. மூன்று ஆண்டு குறைவாக இருந்தால், தன்னைவிட உடல் வளராத பிள்ளைகளோடு மூன்று ஆண்டு கூடுதலாக ஆடலாம். தேர்வாளர் கண்ணில் படலாம். அந்தக் குறைப்பை யார் செய்தார்கள் என்பதைக் கூற்றுகளை வைத்துச் சொல்ல முடியாது. பள்ளிப் படிவத்தை எந்தக் குழந்தையும் தானே நிரப்புவதில்லை என்பதையாவது நினைவில் வைக்க வேண்டும்.

அந்தக் காலத்துப் பாகிஸ்தான் கிரிக்கெட்டில் இது அப்ரிடி ஒருவரின் கதையும் அல்ல. நைரோபி சதத்துக்கு இருபதே நாள் கழித்து, 1996 அக்டோபர் 24 அன்று ஃபைசலாபாத்தில் ஹசன் ரஜா டெஸ்ட் ஆடினார். வயது 14 ஆண்டுகள் 227 நாட்கள். டெஸ்ட் வரலாற்றிலேயே மிக இளையவர் என்றார்கள். பிறகு நடந்த எலும்புச் சோதனை அவர் 15ஐ ஒட்டியவர் என்று காட்டியதால் அந்தச் சாதனை சந்தேகத்துக்கு உள்ளானது.

எலும்புச் சோதனை என்றதும், அப்ரிடிக்கும் அதைச் செய்துவிடலாமே என்று தோன்றும். முடியாது. இடது கை மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து, எலும்புகளின் முனைகளில் இருக்கும் வளர்ச்சித் தட்டுகள் எவ்வளவு மூடியிருக்கின்றன என்று பார்ப்பதுதான் அந்தச் சோதனை. பதின்பருவம் முடியும்போது அந்தத் தட்டுகள் முழுவதும் மூடிவிடும். அதன் பிறகு மணிக்கட்டு சொல்ல எதுவும் இல்லை. வளரும் பருவத்தில்கூட அது காட்டுவது எலும்பின் முதிர்ச்சியை. ஒரே நாளில் பிறந்த இரு பிள்ளைகளுக்குள்ளேயே அது ஓராண்டுக்கு மேல் முன்பின் இருக்கலாம். 1996இல் எடுத்திருந்தால் 16ஆ 19ஆ என்பதற்கு ஓரளவு பதில் கிடைத்திருக்கும். 41க்கும் 44க்கும் வித்தியாசம் கண்டுபிடிக்கும் சோதனை எதுவும் இல்லை.

மிஞ்சுவது நினைவுகள்தான். அனுபவமுள்ள பேட்டியாளர்கள் வயதை நேராகக் கேட்பதில்லை. ஊரறிந்த ஒரு சம்பவத்தைச் சொல்லி, அப்போது நீங்கள் எந்த வகுப்பு, எங்கே இருந்து பார்த்தீர்கள், அண்ணன் அப்போது வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாரா என்று கேட்பார்கள். பாகிஸ்தான்காரருக்கு அப்படி ஒரு நாள் 1992 மார்ச் 25, இம்ரான் கான் அணி மெல்பர்னில் உலகக் கோப்பையை வென்ற நாள். 1980இல் பிறந்தவருக்கு அன்று 12 வயது, ஆரம்பப் பள்ளியை விட்டு வந்த சிறுவன். 1977 என்றால் 15. 1975 என்றால் 17, பள்ளிப் படிப்பை முடிக்கும் இளைஞன். இந்த மூன்று பேரின் நினைவுகளும் ஒன்றுபோல இருக்கவே முடியாது. வகுப்பின் பெயரை மாற்றிச் சொல்ல யாருக்கும் தோன்றாது, ஏனென்றால் அது வயதைக் காட்டிக்கொடுக்கும் என்று அந்த நேரத்தில் நினைவே வராது. ஒரு பழைய பேட்டியில் இப்படி ஒரு வரி கிடைத்தால், அது அடைப்புக்குறிக்குள் அச்சான நூறு வயதுகளைவிட மதிப்புள்ளது.

சென்னைக்காரர்களுக்கு இந்தக் கணக்கில் தனி அக்கறை இருக்கலாம். 1999 ஜனவரி இறுதியில் சேப்பாக்கத்தில் அப்ரிடி 141 அடித்தார். பாகிஸ்தான் 12 ரன்களில் வென்றது. அரங்கம் எழுந்து நின்று அவர்களுக்குக் கைதட்டியது. அந்த இன்னிங்ஸை ஆடியவர் படிவப்படி 19ஐ எட்டாத பையன். அவர் சொல்படி 22ஐ நெருங்கிய ஆள். நூலில் அச்சான ஆண்டுப்படி, மார்ச் 1ஐ வைத்துக்கொண்டால், 24ஐ நெருங்கியவர். அன்று கைதட்டியவர்கள் வயதுக்காகக் கைதட்டவில்லை. மூன்றில் எது உண்மையானாலும் அந்த 141 குறைவதில்லை.

குறைவது வேறிடத்தில். 37 பந்து என்ற சாதனை வயதைச் சாராதது. 2014 புத்தாண்டு தினத்தில் நியூசிலாந்தின் கோரி ஆண்டர்சன் 36 பந்துகளில் அடிக்கும் வரை அது நின்றது. அதில் யாருக்கும் வழக்கில்லை. ஆனால் மிக இளைய சதக்காரர் என்ற பெயர் முழுக்க முழுக்க அந்தப் படிவத்தின் மேல் நிற்கிறது. அப்ரிடி சொல்லும் 19 சரியென்றால் அன்று அவர் எந்த வயதுச் சாதனையையும் முறியடிக்கவில்லை. 1995 செப்டம்பரில், தன் முதல் ஒருநாள் போட்டியிலேயே இலங்கைக்கு எதிராக 102 அடித்து ஆட்டமிழக்காமல் நின்ற சலீம் இலாஹியின் வயது பதிவுப்படி 18 ஆண்டுகள் 312 நாட்கள். அவரும் பாகிஸ்தான்காரரே. அந்தப் பெயர் நைரோபியில் கைமாறாமல் அவரிடமே இருந்திருக்க வேண்டும். பின்னாளில் அது ஆப்கானிஸ்தானின் உஸ்மான் கனிக்குப் போயிருக்கும்; 2014இல் ஜிம்பாப்வேக்கு எதிராகச் சதமடித்தபோது அவர் வயது பதிவுப்படி 17 ஆண்டுகள் 242 நாட்கள்.

அவர்கள் வயதும் படிவத்திலிருந்து வந்ததுதான். ஆகவே ஒரு பெயரை எடுத்துவிட்டு இன்னொன்றை எழுதுவதைவிட, அப்ரிடியின் பெயருக்குப் பக்கத்தில் இரண்டு தேதிகளையும் அச்சிடுவதே முறை என்று நினைக்கிறேன்: பதிவில் உள்ளது 1980 மார்ச் 1, அவரே சொன்ன வயதுகளிலிருந்து கிடைப்பது 1977 மார்ச் 1. முதல் வகுப்பில் சேர்ந்த நாளின் பள்ளிப் பதிவேடு ஒன்று, கிரிக்கெட் அவர் வாழ்க்கையில் நுழைவதற்கு முன்பு எழுதப்பட்டதாக, வெளியே வந்தால் இரண்டில் ஒன்றை அடித்துவிடலாம்.